முதல் தடவை கட்டியது போதவில்லை: வாடகை வீட்டில் ஒரு 43 அங்குல டிவி

டிவி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திருச்சியை ஒட்டிய ஒரு பகுதியில், வாடகை வீட்டில் இருந்த ஒரு குடும்பத்துக்காகச் செய்த வேலை இது. ஒரே டிவிக்காக இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இரண்டாவது முறை போனதற்குக் காரணம் நான் செய்த பிழை. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டே கால் வயதில் ஒரு பெண் குழந்தை, எடை 12 கிலோ. பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் அம்மா. வீட்டில் 4 கிலோ எடையுள்ள ஒரு பூனையும் உண்டு. வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். அந்தக் கீழ்த்தளம் கட்டிப் பல வருடம் கழித்துத்தான் மாடியை எடுத்தார்களாம். இந்த விவரம் பின்னால் முக்கியமாகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு 43 அங்குல எல்ஈடி டிவி வாங்கியிருந்தார்கள். சுவரில் மாட்டும் சட்டமும் பெட்டியோடு வந்தது. ஆனால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் குடிவரும்போதே சொல்லிவிட்டதால், சட்டத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு டிவியை அதன் இரண்டு கால்களில் நிறுத்தினார்கள்.

நிறுத்திய இடத்தில்தான் சிக்கல். அவர்களிடம் இருந்தது முன்பு 21 அங்குல பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்த மர ஸ்டாண்ட். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 65, முன்புறம் இரண்டு இழுப்பறைகள், அடியில் நான்கு சக்கரங்கள். புது டிவியின் கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 80 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு ஓரங்களில் இருந்தன. ஸ்டாண்டின் மேல் அவை உட்காராது. அதனால் ஒரு பிளைவுட் பலகையை ஸ்டாண்டின் மேல் குறுக்கே போட்டு, பாட்டி பின்னிய பூவேலைத் துணியை அதன்மேல் விரித்து, டிவியை வைத்திருந்தார்கள். பலகையை ஸ்டாண்டோடு எதுவும் பிடிக்கவில்லை. இந்த ஏற்பாட்டை நான் வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன். பழைய டிவி கனமானது, அதன் அடிப்பாகமும் அகலம், அதற்கேற்ற ஸ்டாண்டுதான் வீடுகளில் தங்கியிருக்கிறது. புது டிவிகள் உயரமாகவும் ஒல்லியாகவும் வருகின்றன.

முதல் சம்பவம்

ஒரு மாலை, விளக்கு வைத்த பிறகு. டிவிக்கு மேலே சுவரில் டியூப் லைட், அதைச் சுற்றிப் பல்லிகள். பூனை முதலில் பலகையில் ஏறி, டிவிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு ஜாண் இடைவெளியில் நுழைந்து, பல்லியை நோக்கித் தாவியிருக்கிறது. தவறியதும் அதன் முன்னங்கால்கள் டிவியின் மேல் விளிம்பில் விழுந்தன. டிவி முன்பக்கம் சாய்ந்தது. எதிரே தரையில் குழந்தை. நல்லவேளையாகப் பாட்டி பக்கத்து நாற்காலியில் இருந்தார். கையை நீட்டித் தாங்கிவிட்டார். அவர் மணிக்கட்டில் வீக்கம், வேறு எதுவும் இல்லை.

மறுநாள் அப்பா இணையத்தில் ஒட்டும் வகைப் பட்டை ஒன்றை வாங்கினார். ஒரு முனை டிவியின் முதுகில், மறுமுனை சுவரில், இரண்டு பக்கமும் பசை. துளை வேண்டாம் என்பதால் வீட்டுக்காரர் பிரச்சினையும் இல்லை. ஒட்டிவிட்டுக் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார். பட்டை பெயின்ட்டோடு உரிந்து கையில் வந்தது. பசையைக் குறை சொல்ல முடியாது, அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. டிஸ்டெம்பர்தான் சுவரை விட்டு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் எனக்குப் போன் செய்தார்கள்.

அளந்து பார்த்தது

இப்படி வேலைக்குக் கூப்பிட்டால், விமானப் பயணிகள் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துப்போவேன். 50 கிலோ வரை காட்டும், விலையும் சில நூறு ரூபாய்தான். டிவியின் மேல் விளிம்பு நடுவில் ஒரு துணிப்பட்டையைக் கோத்து, கொக்கியை மாட்டி, அப்பாவை இரண்டு கையாலும் டிவியைத் தாங்கத் தயாராக நிற்கச் சொல்லிவிட்டு மெல்ல முன்னால் இழுத்தேன். 1.3 கிலோ காட்டும்போதே டிவிக் கால்களின் பின் நுனிகள் பலகையை விட்டு எழும்பிவிட்டன.

டிவியின் எடை 8 கிலோவுக்குச் சற்று மேல். அப்படியிருக்க 1.3 கிலோவுக்கு எப்படிச் சாயும் என்று அப்பா கேட்டார். எடை இருப்பது கால்களுக்கு நேர் மேலே. காலின் முன் நுனியில் இருந்து அந்த எடையின் நடுவுக்கு 10 சென்டிமீட்டர்தான் தூரம். நாம் இழுக்கும் மேல் விளிம்போ 62 சென்டிமீட்டர் உயரத்தில். கடப்பாறையால் கல்லை நெம்புகிற கணக்குதான்: 8.2-ஐ 10-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்தால் 1.3. பூனை ஓங்கிப் பாய வேண்டியதே இல்லை, இரண்டு முன்னங்கால்களை ஊன்றிச் சாய்ந்தாலே போதும்.

அப்புறம் கீழ் விளிம்பில் மாட்டி இழுத்தேன். அங்கே டிவி சாயவில்லை, நழுவியது. துணி விரித்திருந்தபோது 2 கிலோவுக்குள் துணியோடு சேர்ந்து வந்தது. துணியை உருவிவிட்டு மறுபடி இழுத்தபோது, காலின் ரப்பர் பலகையைப் பிடித்துக்கொண்டு 4 கிலோ வரை அசையவில்லை. டிவியோடு வரும் கையேட்டில் பாதுகாப்புப் பக்கத்தில் டிவிக்கும் மேசைக்கும் நடுவில் துணி போடக் கூடாது என்று பொதுவாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நானும் இந்தத் தொழிலுக்கு வந்து சில வருடம் கழித்துத்தான் படித்தேன்.

முதல் தீர்வு, அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம்

சுவரைத் தொடக் கூடாது என்பதை முடிவான கட்டுப்பாடாக எடுத்துக்கொண்டேன். துணியை எடுத்தேன். பலகையை ஸ்டாண்டோடு ஆறு திருகு போட்டுப் பிடித்தேன். டிவியைப் பலகையின் பின்பக்கம் நெருக்கி வைத்தேன். சுவரில் மாட்டுவதற்காக டிவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். மேலே உள்ள இரண்டில் திருகு போட்டு, நைலான் பட்டை கோத்து, ஸ்டாண்டின் பின்சட்டத்துக்கு இறக்கிக் கட்டினேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மர ஆப்பு வைத்தேன்.

அந்த முதுகுத் திருகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையில் கிடைத்த திருகைப் போடக் கூடாது. இந்த டிவியின் துளைக்கு எம்6 திருகு. துளையில் ஒரு தீக்குச்சியை விட்டு ஆழம் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே போகும் நீளத்தைத் தேர்ந்தெடுத்தேன். நீளம் அதிகமானால் முனை உள்ளே இருக்கும் போர்டை அல்லது பேனலின் முதுகைக் குத்தும். குறைந்தால் இரண்டு சுற்று மட்டும் பிடித்து நிற்கும், பார்ப்பதற்கு இறுகின மாதிரியே இருக்கும். முதல் ஐந்தாறு சுற்று விரலாலேயே உள்ளே போக வேண்டும். அதற்குள் இறுகினால் அது அந்தத் துளைக்கான திருகு இல்லை.

எல்லாம் முடித்து மேல் விளிம்பில் மறுபடி தராசை மாட்டினேன். 4 கிலோ வரை எதுவும் அசையவில்லை. முன்பு 1.3, இப்போது 4, மூன்று மடங்கு என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 4 கிலோவில் அசைந்தது எது என்று பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. டிவி பலகையில் உறுதியாக நின்றது. ஸ்டாண்டின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

பதினாறு நாள் கழித்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கூடத்தில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். குழந்தை கீழ் இழுப்பறையை இழுத்து அதில் ஏறி நின்றிருக்கிறாள். மேல் இழுப்பறையைப் பிடித்து எழும்ப, அதுவும் வெளியே வந்துவிட்டது. அப்படியே ஒரு கையைப் பலகையின் மேல் நீட்டினாள். ஸ்டாண்ட் முழுவதும், டிவியோடு சேர்ந்து, முன்னால் சாய்ந்தது.

எதிரே கிடந்த கட்டிலின் விளிம்பில் ஸ்டாண்டின் மேற்பக்கம் முட்டி நின்றுவிட்டது. அந்தக் கட்டிலைப் பாட்டி பகலில் படுப்பதற்காக முந்தின நாள்தான் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். குழந்தை ஸ்டாண்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்த நிலையில் இருந்தாள். செட்டாப் பாக்ஸ் சரிந்து வந்து அவள் நெற்றியில் பட்டது. எலுமிச்சம்பழ அளவு வீக்கம். மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், நடையில் தள்ளாட்டம், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே வரச் சொல்லி அன்று முழுவதும் கவனிக்கச் சொன்னார். அப்படி எதுவும் வரவில்லை.

டிவியை நான் கட்டிய பட்டை அறவில்லை, திருகு கழலவில்லை. ஆனால் அந்தக் கட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியவில்லை. டிவி தனியாகக் குழந்தைமேல் விழுந்திருக்கலாம். அல்லது டிவியின் உயரமும் எடையும் ஸ்டாண்டோடு சேராததால் ஸ்டாண்டே சாயாமல் இருந்திருக்கலாம். எப்படியானாலும், சுவரோடு பிடிக்காத ஸ்டாண்டில் டிவியைக் கட்டி, தனித்தனியே இருந்த இரண்டு பொருளை 129 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே பொருளாக ஆக்கினேன். நான் செய்த வேலை அதுதான்.

ஏன் ஏறினாள்

போன் வந்த அன்று மாலையே போனேன். முதலில் பாட்டியிடம் பேசினேன்.

“அவ எதுக்கும்மா ஏறினா?”

“ரிமோட்டுக்குத்தான் தம்பி. அவ கையில கிடைச்சா பேட்டரியக் கழட்டி வாயில வைக்கிறா. அதான் டிவிக்குப் பின்னாடி எட்டாம வைப்போம்.”

பேட்டரியை வாயில் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் நல்லெண்ணத்தோடு செய்தது. குழந்தைக்கோ தனக்கு வேண்டிய பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியும், இழுப்பறை படி மாதிரி இருக்கிறது. முதல் முறை வந்தபோது நான் பூனையைப் பற்றி மட்டுமே கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ரிமோட் அன்றைக்கே வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

ஸ்டாண்டைக் காலி செய்து பார்த்தோம். காலி ஸ்டாண்ட் 20 கிலோ, டிவியோடு 28. சக்கரங்கள் மூலையில் இருந்து உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 36 சென்டிமீட்டர்தான். பலகை எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஸ்டாண்ட் சாய்வது முன்சக்கரக் கோட்டில் இருந்து. எடையின் நடு அந்தக் கோட்டுக்கு 18 சென்டிமீட்டர் பின்னால். இரண்டு இழுப்பறைகளும் சாமானோடு வெளியே வந்தபோது அந்த நடுவும் முன்னால் நகர்ந்தது. அதில் 12 கிலோ குழந்தை, சக்கரக் கோட்டைத் தாண்டி ஓர் அடி வெளியே. கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அதாவது அவள் ஏறி அசையாமல் நின்றிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும், கையை நீட்டி ஓர் எட்டு எட்டியதில் கவிழ்ந்துவிட்டது. முந்தின நாட்களில் அவள் இதே போல ஏறியிருக்கக்கூடும், அப்போது ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

வீட்டுக்காரரும் சுவரும்

இனிச் சுவரைத் தொடாமல் முடியாது. நானும் அப்பாவும் கீழே போனோம். வீட்டுக்காரர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய குடித்தனக்காரர் டிவியைச் சுவரில் மாட்டி, கழற்றும்போது உள்ளங்கை அகலப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது.

“நான் டிவி மாட்டக் கேக்கல ஐயா. கட்டி வைக்கத்தான் கேக்கறேன். போடுற துளை எல்லாம் டிவிக்கும் ஸ்டாண்டுக்கும் பின்னாடி மறைஞ்சிடும். காலி பண்றப்ப வெள்ளை சிமென்ட் வெச்சு அடைச்சு நானே பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன்.”

குழந்தையின் நெற்றி வீக்கத்தை அவர் மனைவி காலையில் பார்த்திருந்தார். “சரி, போட்டுக்கோங்க” என்றார் வீட்டுக்காரர். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இதை முதல் நாளே பேசியிருக்கலாம். மறுப்பார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விட்டதுதான் நடந்தது.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் வயர் போகும் என்பதால் அந்தப் பக்கத்தை விட்டுத் தள்ளி ஒரு சோதனைத் துளை போட்டேன். செங்கல் சுவரானால் பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் வரும். இலேசான ஏஏசி கல்லானால் வெள்ளையாக மாவு போல வரும், டிரில் வெண்ணெயில் போவது போலப் போகும். இங்கே சாம்பல் தூள் வந்தது, இரண்டு அங்குலத்துக்குள் டிரில் சட்டென்று உள்ளே விழுந்தது. ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். கீழ்த்தளம் செங்கல்லாக இருந்தும், பின்னால் எடுத்த மாடியை ஹாலோ பிளாக்கில் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சுவரில் சாதாரண பிளாஸ்டிக் ராவல் பிளக் எப்படி இருக்கும் என்பதை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்தத் துளையிலேயே பிளக்கைச் செருகி, திருகை முறுக்கி, கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன். முறுக்கும்போது நன்றாக இறுகின மாதிரிதான் இருந்தது. 11 கிலோவில் பிளக் பூச்சுத் துண்டோடு வெளியே வந்தது. பிளக் விரிந்து பக்கங்களை நெருக்கினால்தான் பிடிக்கும், வெற்றிடத்தில் நெருக்க எதுவும் இல்லை, முன்பக்கம் இருக்கும் மெல்லிய ஓடும் பூச்சும் மட்டுமே அதைப் பிடித்திருந்தன. கையால் ஆட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இரண்டாவது தீர்வு

சுவரைத் தட்டிக்கொண்டே இடப்பக்கம் போனதில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே துளை போட்டபோது டிரில் ஹேமரில்தான் இறங்கியது, மெல்லிய சாம்பல் தூள், உள்ளே விழவில்லை. கான்கிரீட் தூண். டிவி மறைக்கும் பரப்பின் இடது ஓரம் அதன்மேல் வருமாறு ஸ்டாண்டை ஒரு முழம் நகர்த்தினோம்.

4 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் இரண்டு மரப்பட்டிகளை, ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் நீளத்தில், சுவரில் குறுக்காகப் பொருத்தினேன். ஒன்று டிவியின் முதுகுக்குப் பின்னால், மற்றொன்று ஸ்டாண்டின் மேல்தட்டுக்குச் சற்றுக் கீழே. இரண்டுக்கும் இடது முனையில் தூணில் ஆங்கர் போல்ட். வலப்பக்கம் ஹாலோ பிளாக்கில் போனவை வேறு வகை: உள்ளே போனதும் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல விரிந்து, ஓட்டின் பின்புறத்தைப் பிடிக்கும் போல்ட். அதற்குத் துளை பெரிதாக வேண்டும், பிளக்கைவிட விலையும் அதிகம், ஒருமுறை போட்டால் கழற்றும்போது இறக்கை உள்ளேயே விழுந்துவிடும். ஆனாலும் வெற்றிடச் சுவருக்கு அதுதான். மரப்பட்டி வைத்ததற்குக் காரணம், இழுப்பு ஒரே துளையில் விழாமல் எல்லா போல்ட்டுக்கும் பரவ வேண்டும் என்பது.

சுவரில் மாட்டும் சட்டத்தையே மாட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அதன் துளைகள் டிவியின் நடுவில் நெருங்கி அமைந்தவை. இந்தச் சுவரில் அவை அத்தனையும் ஹாலோ பிளாக்கில்தான் விழும். அங்கே டிவியின் முழு எடையும் இரவும் பகலும் தொங்கும். கட்டுப் பட்டையானால் எடை ஸ்டாண்டின்மேல், சுவருக்கு வேலை சாயும்போது மட்டும். செங்கல் சுவராக இருந்திருந்தால் சட்டத்தைத்தான் மாட்டியிருப்பேன். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினால் ஸ்டாண்டே வேண்டாம், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

டிவியைக் கட்டும் முன் மரப்பட்டியின் கொக்கியை மட்டும் தராசால் இழுத்தோம். 27 கிலோ வரை இழுத்து அப்படியே சற்று நிறுத்தினோம், பூச்சில் விரிசல் இல்லை, மரம் சுவரை விட்டு விலகவில்லை. 27 என்று வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த ஸ்டர்டி சட்டம், துணி வைக்கும் இழுப்பறை அலமாரிகளைச் சோதிக்கும்போது 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ எடைக் குழந்தை வரை கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அது டிவிக்கான சட்டம் இல்லை, எடையும் இழுப்பும் ஒன்றல்ல. ஏதாவது ஓர் எண் வேண்டும் என்பதற்காக நான் கடன் வாங்கிக்கொண்டது.

ஸ்டாண்டை இரும்பு எல் கோணங்களால் கீழ்ப்பட்டியோடு பிடித்தேன். டிவியைத் தனியாக மேல்பட்டியோடு கட்டினேன். இந்த இரண்டும் தனித்தனிக் கட்டு. ஒன்று போனாலும் மற்றது இருக்கும். டிவியை முன்னால் தள்ளினால் ஒரு விரல்கூடச் சாயாத அளவுக்குப் பட்டையை இறுக்கினேன். தொளதொளவென்று இருந்தால் டிவி முதலில் சாய்ந்து வேகம் எடுத்து அப்புறம்தான் பட்டையில் மாட்டும், அந்த உதறல் திருகை இழுக்கும். சக்கரங்களைக் கழற்றிவிட்டு நான்கு மூலையிலும் மரக்கட்டை அடித்தேன். டிவிக்கும் சுவருக்கும் இருந்த ஒரு ஜாண் இடைவெளி நான்கு விரலாகக் குறைந்தது, பூனை இனி உள்ளே நுழைய முடியாது. வயர்களைப் பின்னால் சேர்த்துக் கட்டினேன். கீழ் இழுப்பறையை உள்ளிருந்து திருகு போட்டு மூடிவிட்டோம். ரிமோட் சமையலறை அலமாரிக்குப் போனது. டியூப் லைட்டை மட்டும் மாற்றவில்லை, அதற்கு இன்னொரு துளை வேண்டும், வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை கேட்க மனம் வரவில்லை.

சாமான் செலவு இரண்டாயிரத்துக்குள். கூலி வாங்கவில்லை, வாங்கும் நிலையில் நான் இல்லை.

எட்டு மாதம் கழித்து

பார்க்கப் போனேன். பூனை டிவிமேல் இரண்டு முறை தாவியதாகப் பாட்டி சொன்னார். இரண்டு முறையும் டிவி ஆடியதோடு சரி. குழந்தை மேல் இழுப்பறையைத் திறந்து தொங்கியிருக்கிறாள். இழுப்பறைதான் வெளியே வந்து விழுந்தது, ஸ்டாண்ட் அசையவில்லை. அன்றே அதையும் மூடிவிட்டேன். முதலிலேயே மூடியிருக்க வேண்டும், பாட்டிக்கு மருந்து வைக்க ஓரிடம் வேண்டும் என்று கேட்டதால் விட்டுவைத்திருந்தேன்.

பட்டையில் கோளாறு இருந்தது. டிவியை முன்னால் தள்ளிப் பார்த்தபோது இரண்டு விரல் அளவு வந்தது. பிளாஸ்டிக் கொளுவி ஒன்றில் நைலான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. டிவியைத் துடைக்கும்போது நகர்த்தி நகர்த்தி வைத்ததும் ஒரு காரணம். பிளாஸ்டிக் கொளுவியை எடுத்துவிட்டு இரும்புக் கொளுவி போட்டேன். இனி மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்கும் நாளில் டிவியை ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போல்ட்டுகளில் மாற்றம் இல்லை.

பூவேலைத் துணி மறுபடி வந்திருந்தது, டிவிக்கு அடியில் இல்லை, செட்டாப் பாக்ஸுக்கு அடியில். நடுவிலே கீழ்நோக்கித் தொங்கியது, குழந்தை இழுத்தால் பெட்டியோடு வரும். பாட்டியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்து மடித்துப் பூனையின் கூடையில் போட்டார்.

மறுபடி செய்தால்

முதல் நாளே சுவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டிருப்பேன். ஸ்டாண்டைச் சுவரோடு பிடிக்க வழியில்லை என்றால், டிவியை அதில் கட்டாமல், அதைவிடத் தாழ்வான, அகலமான, இழுப்பறை இல்லாத மேசைக்கு மாற்றச் சொல்லியிருப்பேன். அதுவும் முடியாவிட்டால் குழந்தை வளரும்வரை டிவியைப் பூட்டக்கூடிய படுக்கையறையில் வைக்கச் சொல்லியிருப்பேன். தராசில் எண்ணைக் குறிக்கும்போது பக்கத்திலேயே எது அசைந்தது என்றும் இப்போதெல்லாம் குறித்துக்கொள்கிறேன். இந்த வீட்டின் குறிப்பில் முதல் நாள் “4 கிலோ” என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் “பின்சக்கரம்” என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த மாதம் அவர்கள் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரருக்குச் சொன்ன சொல். புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள். டிவியை இறக்குவதற்கு முன் ஒரு துளை போட்டு, தூள் என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.